இன்டர்வியூவுக்கு கூப்பிட்டாங்களா? முதல்ல நீங்க அனுப்பின கவர் லெட்டரை எடுங்க

இன்டர்வியூ கால் வந்த உடனே நம்மாளுங்க பண்ற முதல் வேலை யூடியூப்ல "டாப் ஐம்பது கேள்விகள்" தேடுறதுதான். ஆனா பேனல்ல உட்கார்ற ஆள் கையில இருக்கிறது நீங்க அனுப்பின ரெஸ்யூமும் லெட்டரும், கேள்வி பாதிக்கு மேல அதுல இருந்துதான் வரும். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கமும் உட்கார்ந்திருக்கேன், ஜூனியர் பசங்களை ரெடி பண்ணி அனுப்பியும் இருக்கேன், ரெண்டு பக்கமும் பார்த்த வரைக்கும் ஆளுங்க தடுமாறுறது தெரியாத கேள்வியில இல்ல, தாங்களே எழுதி அனுப்பின வரியிலதான்.

ஒரு கேஸை வச்சே முழுசா போவோம். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் ஸ்பேர்ஸ் டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட 4 வருஷமா அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பொண்ணு, திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தா. (தொகையெல்லாம் மாத்தியிருக்கேன், மேட்டர் அதேதான்.) லெட்டர்ல முக்கியமா இருந்த வரிகள் இவ்வளவுதான்: அக்கவுண்ட்ஸ் முழுசையும் நானே பார்க்கிறேன், ஜிஎஸ்டிஆர்-2பி ரீகன்சிலியேஷன் பண்ணி போன வருஷம் 4.2 லட்சம் ஐடிசி, அதாவது வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியோட கிரெடிட்டை, மீட்டேன், மாசக் கடைசி க்ளோசிங்கை 12 நாள்ல இருந்து 6 நாளா குறைச்சேன், அட்வான்ஸ்டு எக்ஸல் தெரியும், எக்ஸ்போர்ட் டாக்குமெண்டேஷன் பரிச்சயம் உண்டு.

படிக்க நல்லா இருக்குல்ல? இதுல எத்தனை வரி ரெண்டாவது கேள்விக்கு நிக்கும்னு பார்ப்போம்.

## 1. உட்காரும் முன்னாடி கையில இருக்க வேண்டியது

நாலு விஷயம் வேணும்: அனுப்பின லெட்டர், அதுகூட போன ரெஸ்யூம், வேலை விளம்பரம், அவங்க கூப்பிட்ட மெயில் இல்லாட்டி வாட்ஸ்அப் மெசேஜ்.

லெட்டரை லேப்டாப் ஃபோல்டர்ல தேடாதீங்க, மெயில்ல சென்ட் ஐட்டம்ஸ்ல போய் அட்டாச்மெண்ட்டை டவுன்லோட் பண்ணுங்க. ஏன்னா ஃபோல்டர்ல "கவர் லெட்டர் ஃபைனல்", "ஃபைனல் 2", "நியூ ஃபைனல்"னு நாலஞ்சு இருக்கும், நீங்க கடைசியா திருத்தினது அவங்ககிட்ட போனதா இருக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு வெர்ஷன்ல 4 லட்சம், இன்னொன்னுல 4.2 லட்சம்னு இருந்து, நீங்க ஒன்னைச் சொல்ல அவங்க கையில இன்னொன்னு இருந்தா, அந்த இடத்துல நீங்க பொய் சொல்ற ஆள் மாதிரிதான் தெரிவீங்க. ஜாப் போர்ட்டல் வழியா அப்ளை பண்ணியிருந்தா அந்த பாக்ஸ்ல தனியா என்ன டைப் பண்ணீங்கன்னும் பாருங்க, நிறைய பேர் அதை மறந்தே போயிடறாங்க.

விளம்பரத்தை உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. ஷார்ட்லிஸ்ட் முடிஞ்சதும் சில கம்பெனிங்க அதைத் தூக்கிடும், அப்புறம் அவங்க என்ன கேட்டாங்கன்னு ஞாபகத்துலதான் தேடணும்.

கூப்பிட்டதுக்கு பதில் போடும்போதே ரெண்டு விஷயம் கேட்டுக்கோங்க: யார் இன்டர்வியூ எடுப்பாங்க, எக்ஸல் டெஸ்ட் ஏதாவது உண்டா. "வர்றேன் சார், கன்ஃபர்ம்ட். யாரைப் பார்க்கணும், டெஸ்ட் ஏதாவது இருக்கான்னு சொன்னா ரெடியா வர்றேன்"னு கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இதைக் கேட்கிறதுக்கு காரணம் இருக்கு. ஹெச்ஆர் எடுத்தா "4.2 லட்சம்"கிறதைக் கேட்டுட்டு சரின்னு அடுத்ததுக்குப் போயிடுவாங்க, ஃபைனான்ஸ் மேனேஜர் எடுத்தா அங்கேயே நின்னு தோண்டுவார். எந்த வரியில எவ்வளவு ஆழம் போகணும்கிறது எதிர்ல யாருங்கிறதைப் பொறுத்தது.

## 2. வரியை உடைங்க, ஒரு வரியில எத்தனை க்ளெய்ம் ஒளிஞ்சிருக்குன்னு பாருங்க

லெட்டரை பிரிண்ட் போட்டு பேனாவோட உட்காருங்க. வரிவரியா இல்ல, க்ளெய்ம் க்ளெய்மா பிரிக்கணும். "க்ளோசிங்கை 12 நாள்ல இருந்து 6 நாளா குறைச்சேன்"கிறது ஒரே வரிதான், ஆனா உள்ள நாலு இருக்கு. முன்னாடி நிஜமாவே 12 நாள் ஆச்சு, இப்ப 6 நாள்தான் ஆகுது, நீங்க "க்ளோசிங்"னு சொல்றது அவங்க சொல்ற அதே க்ளோசிங்தான், குறைச்சது நீங்கதான். நாலையும் தனித்தனியா கேட்கலாம், கேட்பாங்க.

இந்த பொண்ணோட லெட்டர்ல மாட்டினது மூணாவதுல. இவ சொன்ன 6 நாள்ல ஸ்டாக் வேல்யூவேஷன் கிடையாது, அதை ஓனர் குவார்ட்டருக்கு ஒரு தடவை தனியா பார்த்துக்குவார். எக்ஸ்போர்ட் கம்பெனியில க்ளோசிங்னா நூல், துணி, ஜாப் ஒர்க்குக்கு வெளிய போன சரக்கு எல்லாம் சேர்த்துத்தான். இதை முன்னாடியே "பேங்க், பர்ச்சேஸ், சேல்ஸ், கடன் பாக்கி எல்லாம் டாலி ஆகி ட்ரையல் பேலன்ஸ் எடுக்கிற வரைக்கும் 6 நாள் சார், ஸ்டாக் இதுல சேராது"ன்னு சொன்னா பிரச்சனையே இல்ல. அவங்களா கேட்டு வாங்கினா மொத்த நம்பர் மேலயும் சந்தேகம் வந்துடும்.

சின்ன வார்த்தைங்களையும் விடாதீங்க. "முழுசையும்", "நானே", "அட்வான்ஸ்டு", "பரிச்சயம்" எல்லாமே க்ளெய்ம்தான். எழுதும்போது ஒரு கெத்துக்குப் போட்டிருப்பீங்க, பேனல்ல முதல்ல கண்ல படுறது அதுதான்.

இன்னொன்னு, லெட்டர் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் இருக்கும், அதுவும் அண்ணனோ ஃப்ரெண்டோ எழுதிக் கொடுத்தது, இல்ல நெட்ல எடுத்த டெம்ப்ளேட். "ஸ்ட்ரீம்லைன்டு தி ப்ராசஸ்"னு இருக்கும், என்ன ப்ராசஸ் என்ன பண்ணீங்கன்னு கேட்டா முழிப்பாங்க. உங்க வாயில வராத வார்த்தை எல்லாத்தையும் வட்டம் போட்டு, பக்கத்துல நீங்க பேசற தமிழ்ல "பில்லு கோடவுன்ல தேங்காம தினமும் ஆபீஸ் வர மாதிரி பண்ணேன்"னு எழுதுங்க. அப்படி எழுத வரலைன்னா அந்த வரிக்குப் பின்னாடி ஒன்னும் இல்லைன்னு இப்பவே தெரிஞ்சுடும்.

## 3. மூணா பிரிங்க

ஒவ்வொரு க்ளெய்ம் பக்கத்துலயும் ஒரு குறி போடுங்க. இப்பவே எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்னா டிக். நிஜம்தான் ஆனா விவரம் மறந்து போச்சுன்னா கேள்விக்குறி. கொஞ்சம் இழுத்து எழுதிட்டேன்னா எக்ஸ்.

இதைப் பண்றதுக்கு காரணம் நேரம்தான். கால் வந்து ரெண்டு மூணு நாள்ல இன்டர்வியூ இருக்கும், அதுக்குள்ள ஆபீஸும் போகணும். எல்லாரும் தெரிஞ்ச டிக் வரிகளையே திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்து "ரெடி"ன்னு நினைச்சுக்குவாங்க, அதுல நல்லா இருக்கிற மாதிரி ஒரு ஃபீல் வரும், அவ்வளவுதான். நேரத்தை முதல்ல கேள்விக்குறிக்குக் கொடுங்க, அப்புறம் எக்ஸ், டிக்கை கடைசி நாள் ஒரு தடவை பார்த்தா போதும்.

## 4. நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு தோண்டுங்க

இதுதான் ரொம்ப நேரம் பிடிக்கிற ஸ்டெப், இதை அவசரப்படுத்தாதீங்க. 4.2 லட்சம் ஐடிசியை எடுத்துக்குவோம்.

பேக்ரவுண்ட் கொஞ்சம். சப்ளையர் அவரோட ஜிஎஸ்டிஆர்-1ல நம்ம பில்லைக் காட்டினாத்தான் அது நம்ம 2பி ஸ்டேட்மெண்ட்ல வரும், 2பி-ல வந்தாத்தான் அந்த வரியை நாம கிரெடிட் எடுக்க முடியும், 2022 ஜனவரியில இருந்து சட்டமே அப்படித்தான். மாசாமாசம் ஃபைல் பண்றவங்க ஜிஎஸ்டிஆர்-1ஐ அடுத்த மாசம் 11-க்குள்ள போடணும், 2பி 14-ஆம் தேதி வரும், நாம வரி கட்டுற ரிட்டர்னான 3பி-யை 20-க்குள்ள முடிக்கணும். நடுவுல இருக்கிற அந்த அஞ்சாறு நாள்லதான் இந்த பொண்ணு வேலை பார்த்தது: டாலியில இருக்கிற 600 சொச்சம் பில்லையும் 2பி-யையும் வச்சு எது வரலைன்னு பார்க்கிறது.

இப்ப உட்கார்ந்து பழைய ஞாபகத்தை எல்லாம் கிளறினப்ப, வராத பில் மூணு ரகமா பிரிஞ்சுச்சு. முதல் ரகம், பில் நம்பர் வேற மாதிரி டைப் ஆனது. சப்ளையர் 045/24-25-ன்னு போட்டிருப்பார், நம்ம டாலியில 45-ன்னு இருக்கும். இதுல காசு எதுவும் போகல, மேட்ச் ஆகல அவ்வளவுதான். ரெண்டாவது, சப்ளையர் லேட்டா ஃபைல் பண்ணது, இல்ல மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடற சின்ன பார்ட்டி. அந்த கிரெடிட் இந்த மாசம் வரலைன்னாலும் அடுத்த மாசமோ குவார்ட்டர் முடிஞ்சோ தானா வந்துடும். மூணாவதுதான் நிஜமான ஆபத்து, வேற ஒருத்தர் ஜிஎஸ்டி நம்பர்ல நம்ம பில்லைப் போட்டுட்டது. நாம துரத்திப் புடிச்சு அவர் ஜிஎஸ்டிஆர்-1ல திருத்த வைக்கலைன்னா அது வரவே வராது, அந்த நிதி ஆண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 தாண்டினா (அதுக்கு முன்னாடியே ஆனுவல் ரிட்டர்ன் போட்டுட்டா அன்னைக்கே) க்ளோஸ்.

கணக்கு போட்டா, 4.2 லட்சத்துல 2.6 லட்சம் ரெண்டாவது ரகம், 1.6 லட்சம்தான் மூணாவது. அப்போ "மீட்டேன்"னு சொல்ல உரிமை இருக்கிறது 1.6 லட்சத்துக்கு. மீதி தாமதமா வந்த காசு, அதையும் கண்காணிச்சது வேலைதான், ஆனா அதுக்குப் பேரு வேற.

நல்ல ஃபைனான்ஸ் மேனேஜர் இதைத்தான் கேட்பார்: "இதுல நீங்க ஒன்னும் பண்ணாம விட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" எந்த நம்பரை லெட்டர்ல போட்டிருந்தாலும் இந்தக் கேள்வியை உங்களை நீங்களே கேட்டுக்கோங்க. க்ளோசிங் 6 நாளுக்கும் இதே டெஸ்ட்தான்: அந்த சமயத்துல ஆபீஸ்ல புதுசா ஒரு டேட்டா என்ட்ரி பையன் சேர்ந்தான்னா, குறைஞ்ச 6 நாள்ல அவனால எத்தனை, நீங்க பேங்க் ரீகன்சிலியேஷனை வாராவாரம் மாத்தினதால எத்தனைன்னு யோசிச்சு வைங்க. துல்லியமா வராது, வரவும் வேண்டாம், "பாதிக்குப் பாதி இருக்கும் சார்"னு சொல்ற அளவுக்குத் தெரிஞ்சா போதும்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் தோண்டறேன்னு இப்போதைய ஆபீஸ் டேட்டாவை பென்டிரைவ்ல எடுக்கிறது, 2பி ஷீட்டை பர்சனல் மெயிலுக்கு அனுப்பிக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம். ரவுண்டா ஒரு தொகையும், எப்படி வந்துச்சுங்கிற லாஜிக்கும் மண்டையில இருந்தா போதும். சப்ளையர் பேரைச் சொல்லி "அவங்க எப்பவுமே லேட்டுங்க"ன்னு பேசுறதும் தப்பு, நாளைக்கு எங்களைப் பத்தியும் இப்படித்தான் வெளிய பேசுவீங்கன்னு எதிர்ல இருக்கிறவர் நினைப்பார்.

## 5. வாய் விட்டுப் பேசிப் பாருங்க, எதிர்ல ஆள் வச்சு

மனசுக்குள்ள சொல்லிப் பார்த்தா எல்லாம் அழகா வரும். வாயைத் திறந்தாத்தான் ஓட்டை தெரியும். அக்கவுண்ட்ஸ் தெரிஞ்ச ஒருத்தரை, பழைய ஆபீஸ் சீனியர் யாராவது இருந்தா நல்லது, லெட்டரைக் கையில கொடுத்து உட்கார வைங்க. இந்த பொண்ணு அப்படி ஒருத்தரைத்தான் புடிச்சா.

"4.2 லட்சம்னு போட்டிருக்கியேம்மா, எப்படி?"

"ரீகன்சிலியேஷன் பண்ணோம் அண்ணா, மிஸ் ஆன பில்லெல்லாம் கண்டுபிடிச்சு ஃபாலோ அப் பண்ணோம்."

"பண்ணோம்னா யாரு?"

"நானும் ஆடிட்டர் ஆபீஸ் பையனும்... லிஸ்ட் எடுத்தது நான். போன் பண்ணதும் நான்தான். அவன் 3பி மட்டும் போடுவான்."

"அப்ப அதைச் சொல்லு. பண்ணோம் பண்ணோம்னா நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்த மாதிரி இருக்கு."

நம்ம ஊர்ல "நான் பண்ணேன்"னு சொல்றதுக்கு ஒரு கூச்சம், திமிரா தெரியுமோன்னு. லெட்டர்ல இங்கிலீஷ்ல "ஐ"ன்னு தைரியமா எழுதிட்டு நேர்ல "நாங்க"ன்னு பேசினா கேட்கிறவருக்கு ரெண்டுல எது நிஜம்னு குழப்பம் வரும். யார் எதைப் பண்ணாங்கன்னு பிரிச்சுச் சொல்றது திமிர் ஆகாது, அடுத்தவன் வேலையை உங்க பேர்ல போடறதுதான் அசிங்கம்.

ஒவ்வொரு க்ளெய்முக்கும் ஒரு நிமிஷம் பேசுங்க, அதுக்கு மேல போகாதீங்க. அப்புறம் எதிர்ல இருக்கிறவர் மூணு கேள்வி கேட்கணும்: எப்படி பண்ணே, எங்க சொதப்புச்சு, எங்க கம்பெனியில அதே மாதிரி நடக்குமா. மூணாவதுலதான் பெரும்பாலும் நிக்கும். ஸ்பேர்ஸ் கடையில எல்லா பில்லும் சரக்கு வாங்கின பில்தான், பனியன் கம்பெனியில டையிங், நிட்டிங், பிரிண்டிங்னு ஜாப் ஒர்க் பில் நிறைய, அதுல சின்ன யூனிட்டுங்க அதிகம், அப்போ லேட் ஃபைலிங் பிரச்சனை அங்க இன்னும் பெருசா இருக்கும்னு நீங்களே யோசிச்சு வச்சிருந்தா அந்த இடத்துல பேச்சே வேற லெவலுக்குப் போயிடும்.

வரி வரியா மனப்பாடம் பண்ணாதீங்க. நடுவுல ஒரு கேள்வி விழுந்தா மனப்பாடம் அறுந்துடும், திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிற ஆளுங்களை எல்லாம் பார்த்திருக்கேன்.

## 6. "அட்வான்ஸ்டு எக்ஸல்" மாதிரி வரிக்கு பேச்சு பத்தாது

ஸ்கில்னு போட்டதை எல்லாம் கையில செஞ்சு பாருங்க, ஏன்னா லேப்டாப்பைத் திருப்பி வச்சு "காட்டுங்க"ன்னு சொல்லிடுவாங்க. அக்கவுண்ட்ஸ்ல எக்ஸல் டெஸ்ட்னா பாதி ரெண்டு லிஸ்ட்டை ஒப்பிடறதுதான். உங்க பில் லிஸ்ட்ல ஏ காலம்ல ஜிஎஸ்டி நம்பர், பி-யில பில் நம்பர் இருக்கு, 2B-ங்கிற ஷீட்ல முதல் காலம்ல ரெண்டையும் நடுவுல | போட்டுச் சேர்த்த கீ, அஞ்சாவதுல வரித்தொகை இருக்குன்னு வைங்க:

```
=IFERROR(VLOOKUP(A2&"|"&B2,'2B'!$A:$E,5,FALSE),"இல்ல")
```

பில் நம்பரை மட்டும் வச்சுத் தேடக்கூடாது, ரெண்டு சப்ளையர்கிட்ட ஒரே நம்பர் பில் இருக்கும், அதனாலதான் ஜிஎஸ்டி நம்பரையும் சேர்க்கிறோம். இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரியுறதுதான் ஃபார்முலாவை விட முக்கியம். மேட்ச் ஆக வேண்டியது "இல்ல"ன்னு வந்தா முதல்ல பில் நம்பர் கடைசியில ஸ்பேஸ் இருக்கா, முன்னாடி சைபர் போயிடுச்சான்னு பாருங்க. இதுவரைக்கும் தெரியும், மேக்ரோ தெரியாதுன்னா "அட்வான்ஸ்டு"ங்கிற வார்த்தைக்கு எக்ஸ் போட்டு அடுத்த ஸ்டெப்புக்கு வாங்க.

## 7. எக்ஸ் போட்ட வரிகளை என்ன பண்றது

ரெண்டு ரகம் இருக்கு. உண்மைத் தகவலே தப்பா இருந்தா, அதாவது சேர்ந்த வருஷம், டிகிரி, பதவி, முடிக்காத கோர்ஸ், இன்டர்வியூக்கு முன்னாடியே ரெண்டு வரி மெயில் போட்டு திருத்திடுங்க. வேலையில சேரும்போது சர்டிஃபிகேட்டும் ரிலீவிங் லெட்டரும் கேட்பாங்க, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்ற கம்பெனியும் இருக்கு, அப்ப மாட்டினா ஆஃபரே போயிடும்.

கொஞ்சம் இழுத்து எழுதினதுக்கு மெயில் வேண்டாம். அந்த வரியைப் பத்தின முதல் கேள்வியிலயே நீங்களா அளவைச் சரியாச் சொல்லிடுங்க, அவங்க புடிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஐடிசிக்கு இப்படி: "மொத்தம் 4.2 லட்சம் சார், அதுல 2.6 லட்சம் சப்ளையர் லேட்டா போட்டது, எப்படியும் வந்திருக்கும். நான் பேசித் திருத்த வச்சு வந்தது 1.6 லட்சம்." நம்பர் குறைஞ்சுடுச்சேன்னு பயம் வேண்டாம், இந்த மாதிரி பிரிச்சுச் சொல்றவங்க ரொம்பக் கம்மி.

எக்ஸ்போர்ட் பரிச்சயம்தான் இவளுக்கு ரொம்பப் பயமா இருந்த வரி. நேரா ஒரு ஷிப்பிங் பில் கூட ஃபைல் பண்ணதில்ல. ஆனா தோண்டினா ஒரு விஷயம் கிடைச்சுது: அவங்க கடையில ஒரு மெர்ச்சண்ட் எக்ஸ்போர்ட்டருக்கு 0.1 சதவீத வரியில சரக்கு போட்டிருக்காங்க. அந்தச் சலுகை நிக்கணும்னா அவர் பில் தேதியில இருந்து 90 நாளுக்குள்ள சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு, நம்ம ஜிஎஸ்டி நம்பரும் பில் நம்பரும் இருக்கிற ஷிப்பிங் பில் காப்பியை நமக்குக் கொடுக்கணும். அந்தக் காப்பியை வாங்கி, சரிபார்த்து, ஃபைல் பண்ணி வச்சது இவதான். அப்போ சொல்ல வேண்டியது: "ஷிப்பிங் பில்லை நான் சப்ளையர் பக்கத்துல இருந்துதான் பார்த்திருக்கேன் சார், என்ன செக் பண்ணணும்னு தெரியும். எல்யூடி, ரீஃபண்ட் அப்ளிகேஷன் நான் போட்டதில்ல." இருக்கிறது எவ்வளவு, எங்க நிக்குதுன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லணும். வெறுமனே "தெரியாது சார், கத்துக்குவேன்"னு சொன்னா இருக்கிற கொஞ்சமும் போயிடும்.

தெரியாததை முந்தின ராத்திரி படிச்சு தெரிஞ்ச மாதிரி பேசற வேலை மட்டும் வேண்டாம். எல்யூடி போட்டு வரி கட்டாம அனுப்பினா சேர்ந்து போன ஐடிசியை ரீஃபண்ட் கேட்கலாம், ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பினா கட்டின வரி ரீஃபண்டா வரும்னு பேசிக் வரைக்கும் படிச்சுட்டுப் போங்க, கேட்டா "படிச்சது சார், செஞ்சதில்ல"ன்னு சொல்லுங்க.

## 8. "உங்க கம்பெனியில சேர ஆசை" வரி

எல்லா லெட்டர்லயும் இருக்கும், யாரும் ரெடி பண்ண மாட்டாங்க. "ஏன் எங்க கம்பெனி?"ன்னு கேட்டா வெப்சைட்ல இருக்கிற "அபௌட் அஸ்"ஸை ஒப்பிக்கிறது வேஸ்ட், அதை எழுதினவரே எதிர்ல இருக்கலாம். விளம்பரத்துல அவங்க கேட்டதுல உங்க லெட்டரோட ஒட்டுற ஒரே ஒரு விஷயத்தை எடுங்க. இவளுக்கு அது வெண்டர் ரீகன்சிலியேஷன், விளம்பரத்துலயே முதல் பாயிண்ட்டா இருந்துச்சு. கோயம்புத்தூர்ல இருந்து தினமும் வந்து போவீங்களான்னு கண்டிப்பா கேட்பாங்க, பஸ்ஸா ஹாஸ்டலான்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டே போங்க, லெட்டர்ல "ரீலொகேட் ஆக ரெடி"ன்னு போட்டிருந்தா அதுவும் ஒரு க்ளெய்ம்தான்.

## 9. முந்தின நாளும் அன்னைக்கும்

எல்லாத்தையும் ஒரே பக்கத்துல கையால எழுதுங்க: க்ளெய்ம், நம்பர் எப்படி வந்துச்சு, என் பங்கு எது, எங்க நிக்குது. பஸ்ல பார்க்க அது போதும். இன்டர்வியூ ரூமுக்குள்ள அதை எடுத்து வைக்காதீங்க, லெட்டரும் ரெஸ்யூமும் ரெண்டு செட் பிரிண்ட் மட்டும் கொண்டு போங்க, சில பேனல்ல ஒருத்தர் கையில காப்பியே இருக்காது, நீங்க நீட்டினா நீங்க ரெடி பண்ண அதே வெர்ஷனை எல்லாரும் பார்க்கிறாங்கன்னு ஆகிடும்.

முடிச்சு வெளிய வந்ததும் டீக்கடையில நின்னே எந்த வரியைக் கேட்டாங்க, என்ன பதில் சொன்னீங்கன்னு போன்ல குறிச்சுக்கோங்க. செகண்ட் ரவுண்ட்ல எம்டியோ ஆடிட்டரோ அதே வரியைத் திரும்பக் கேட்பாங்க, முதல் ரவுண்ட்ல 1.6-ன்னு சொல்லிட்டு அங்க போய் 4.2-ன்னு ஆரம்பிக்கக் கூடாது. அடுத்த கம்பெனிக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி லெட்டர்லயும் அந்த நம்பரை மாத்திடுங்க.